சென்டரிங் ஷீட்டும் ஜாக்கியும் வாடகைக்கு எடுத்த பில்: ஒரு வீட்டுத் தளத்தின் கணக்கு

திருச்சியில் வீடு கட்டுபவர்

எங்கள் வீட்டின் முதல் தளத்திற்குக் கான்கிரீட் போடுவதற்காக கான்கிரீட்டைத் தாங்கும் 160 சென்டரிங் ஷீட்டுகளையும், அடியில் முட்டாக நிற்கும் 120 ஜாக்கிகளையும் நான் என் பெயரிலேயே வாடகைக்கு எடுத்திருந்தேன். ஷீட்டுக்கு நாளொன்றுக்கு 3 ரூபாய், ஜாக்கிக்கு 4 ரூபாய், குறைந்தபட்சம் 15 நாள், திருப்பித் தரக்கூடிய முன்பணம் 30,000 ரூபாய் என்று சலானின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். 3ஆம் தேதி மாலை பொருள் வந்தது. ஷீட்டுகளை 14ஆம் தேதியும், பீம்களுக்கு அடியில் நிற்க வேண்டியிருந்ததால் ஜாக்கிகளை 24ஆம் தேதி காலையிலும் திருப்பி அனுப்பினேன்.

அதன்பின் வந்த பில்லில் இரண்டு பொருளுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 960 ரூபாய் வீதம் 22 நாளுக்கு 21,120 ரூபாய் வாடகை போடப்பட்டிருந்தது. வளைந்த ஷீட் 6க்கு 1,500, காணாமல் போன ஜாக்கி பின் 10க்கு 600, சுத்தம் செய்த கூலி 800 என்று சேத வகையில் 2,900 ரூபாய் சேர்த்து, மொத்தத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போட்டதால், 30,000 ரூபாயில் எனக்குத் திரும்ப வேண்டியது 1,656 ரூபாய் 40 காசு மட்டுமே என்று முடித்திருந்தார்கள்.

ஷீட்டுகள் பத்து நாள் முன்னதாகவே கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றுக்கு அதிகபட்சம் 15 நாள் வாடகைதானே வர வேண்டும்? அந்த ஆறு ஷீட்டுகளில் நான்கு, பொருள் இறங்கிய அன்றே வளைந்திருந்தவை. ஓட்டுநர் முன்னிலையில் சலானிலேயே அதை எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கியிருந்தேன். இதே நிலையைச் சந்தித்தவர்கள் கடையில் எப்படிப் பேசினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஈரோட்டில் சென்டரிங் பொருள் வாடகைக்கு விடுபவர்

உங்கள் பில்லில் நடந்திருப்பது எங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். ஒரே சலானில் போன பொருளில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வரும்போது, அதற்கென்று தனி வரவுச் சலான் போட வேண்டும். அதைப் போடாமல் விட்டால், கடைசி லாரி வந்த தேதியையே மொத்தப் பொருளுக்கும் திரும்பிய தேதியாக வைத்துப் பில் போட்டுவிடுவார்கள். 14ஆம் தேதி ஷீட்டுகளை ஒப்படைத்தபோது உங்களுக்கு ஏதேனும் சீட்டு கொடுத்திருந்தால், அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஷீட்டுக்கு 480 ரூபாய் வீதம் 15 நாளுக்கு 7,200, ஜாக்கிக்கு 480 ரூபாய் வீதம் 22 நாளுக்கு 10,560, ஆக மொத்தம் 17,760 ரூபாய் என்பதே நியாயமான வாடகை என்று நான் கருதுகிறேன். ஒரு சலானுக்கு ஒரே முடிவுத் தேதி என்று நிபந்தனையிலேயே அச்சிட்டு வைக்கும் கடைகளும் உண்டு என்பதால், உங்கள் சலானின் பின்பக்கத்தை முதலில் முழுமையாகப் படித்துவிடுங்கள்.

ஷீட்டு வளைந்ததா என்று பார்க்க, சமமான தரையில் போட்டு நான்கு மூலையும் தரையில் படிகிறதா என்று பார்ப்போம். பழைய வளைவாக இருந்தால் அந்த மடிப்பில் துருவோ காய்ந்த சிமென்ட் பாலோ படிந்திருக்கும். புதிதாக வளைந்ததில் பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளவென்று தெரியும். பிரிக்கும்போது கடப்பாரையால் நெம்பித் தரையில் விழவிட்டால் ஷீட்டின் ஓரத்து ஆங்கிள்தான் முதலில் வளையும். அந்தச் சேதத்துக்கு வாடிக்கையாளர் பொறுப்பேற்பதே சரி. ஆனால் முறையாக எண்ணெய் தடவிப் போட்ட ஷீட்டில் மெல்லிதாக ஒட்டியிருக்கும் சிமென்ட் சேதம் ஆகாது. நிபந்தனையில் எழுதாமல் அதற்குக் கூலி வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

சேலத்தைச் சேர்ந்த உறுப்பினர்

அந்த 15 நாள் குறைந்தபட்சமே ஏமாற்று வேலை என்பது என் கருத்து. தளத்தின் முட்டுகளை 7 நாளில் எடுத்துவிடலாம் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதியே சொல்லும்போது, அதற்கு மேல் எட்டு நாளுக்கு வாடகை கேட்க எந்தக் கடைக்கும் உரிமை கிடையாது.

ஈரோட்டில் சென்டரிங் பொருள் வாடகைக்கு விடுபவர்

ஐயா, நீங்கள் சொல்லும் 7 நாள் அந்த விதியில் இருப்பது உண்மைதான், ஆனால் அது 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்கு மட்டுமே பொருந்தும். அதைவிட அகலமான தளத்துக்கும், 6 மீட்டர் வரையிலான பீமுக்கும் 14 நாள் என்று அதே இடத்தில் இருக்கிறது. அதுவும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கும், குளிர் அதிகமில்லாத காலத்துக்கும் சொன்ன கணக்கு. இன்று வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கப்படும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மெதுவாகவே வலுவடையும் என்பதால், வாடகையை மிச்சப்படுத்துவதற்காக முட்டுகளை முன்கூட்டியே உருவுவது ஆபத்தானது. தவிர, குறைந்தபட்ச நாள் என்பது விதியிலிருந்து எடுத்ததன்று. நான்கே நாளில் திரும்பி வந்தாலும் ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, எண்ணிச் சரிபார்க்கும் வேலை எல்லாம் எங்களுக்கு அப்படியேதான் இருக்கின்றன. அதற்காக வைத்துக்கொண்ட வணிக நிபந்தனை அது. பேசும்போதே 10 நாளாகக் குறைத்துக் கேட்டால் பல கடைகளில் ஒப்புக்கொள்வார்கள்.

சென்னையில் திருமணங்களுக்குப் படம் எடுப்பவர்

எனக்கும் இதே போன்ற அனுபவம் உண்டு. ஒரு நாள் வாடகைக்கு எடுத்த லென்ஸில் கீறல் இருக்கிறது என்று சொல்லி முன்பணம் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். வாங்கிய உடனே கண்ணாடியின் இரு பக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து, அதைக் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி வைத்திருந்ததால், இரண்டு வாரத்தில் பணம் திரும்பி வந்தது. நீங்களும் ஷீட்டுகளை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, சேதக் காப்பீடு உள்ள கடையில் எடுப்பது நல்லது.

கோவையில் கணக்கு எழுதும் பணியில் இருப்பவர்

வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். திருப்பித் தர வேண்டிய முன்பணம், அதைக் கடைக்காரர் வாடகைக்கு ஈடாகக் கழித்துக்கொள்ளும் வரையில் வாடகையாகக் கருதப்படாது. ஆகவே 30,000 ரூபாய் கொடுத்த அன்று அதன்மேல் ஜி.எஸ்.டி. வாங்கியிருந்தால் அது தவறு, இறுதிப் பில்லில் வாடகையின் மேல் போடுவது சரி. சேதத் தொகையில்தான் இரண்டு விதமான வழக்கத்தைப் பார்க்கிறேன். ஒப்பந்தத்தை மீறியதற்கு இழப்பீடாக மட்டும் வாங்கும் தொகைக்கு வரி இல்லை என்று 2022 ஆகஸ்டில் வந்த சுற்றறிக்கை சொல்கிறது. அதைக் காட்டிச் சேதத்தைத் தனியாகக் கழிப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னுக்கு இவ்வளவு, சுத்தம் செய்ய இவ்வளவு என்று விலைப்பட்டியலே இருந்தால் அது சேவையின் ஒரு பகுதி என்று வரி போடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் சலானின் வாசகத்தைப் பார்க்காமல் எது பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது.

திருச்சியில் வீடு கட்டுபவர்

இன்று கடைக்குப் போய் வந்தேன். 14ஆம் தேதி வரவுச் சீட்டைக் காட்டியதும் வாடகையை 17,760 ஆகத் திருத்தினார்கள். சலானில் எழுதி வைத்திருந்த நான்கு ஷீட்டுகளையும் நீக்கி, வளைவுக்கு 500 ரூபாய் மட்டும் வைத்தார்கள். பின்னுக்கான 600 ரூபாயை நானும் மறுக்கவில்லை. சுத்தம் செய்யும் கூலி நிபந்தனையில் இல்லாததால் அதையும் விட்டுவிட்டார்கள். 18,860 ரூபாயும் வரியுமாக 22,254 ரூபாய் 80 காசு போக, 7,745 ரூபாய் 20 காசு என் கணக்குக்கு வந்துவிட்டது. சேதத் தொகையான 1,100 ரூபாயின் மேல் போட்ட 198 ரூபாய் வரியை மட்டும், தங்கள் ஆடிட்டரைக் கேட்டுச் சொல்வதாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். 3ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு வந்து 24ஆம் தேதி காலை ஒன்பது மணிக்குத் திரும்பிய ஜாக்கிகளுக்கு இரண்டு நாளையும் முழு நாளாக எண்ணுவது சரிதானா?

ஈரோட்டில் சென்டரிங் பொருள் வாடகைக்கு விடுபவர்

நண்பகலுக்கு முன் திரும்பினால் அந்த நாளை நான் எண்ணுவதில்லை, ஆனால் இதே தெருவில் இருக்கும் இன்னொரு கடையில் இரண்டு நாளையும் எண்ணுகிறார்கள். அடுத்த தளத்துக்கு எடுக்கும்போது, சலானில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஒரு வரியை அவர்கள் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.