ஒரு மணி நேரப் பயணத்தில் என்னைப் பற்றி ஒரு கேள்வியும் வருவதில்லை: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஆசிரியை, தருமபுரி

நான் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குத் தினமும் பேருந்தில் சென்று வருகிறேன். அதே பள்ளியில் பணிபுரியும், என்னைவிட ஒன்பது வயது மூத்த அக்கா ஒருவர் காலையில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பார். அவர் நல்லவர், என் மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர். ஆனால் பேருந்து கிளம்பியது முதல் இறங்கும் வரை அவருடைய மகனின் வேலை, அவர் கட்டும் வீடு, அவருடைய முழங்கால் வலி ஆகியவற்றைத் தவிர வேறு பேச்சே இருக்காது.

இரண்டு மாதங்களுக்கு முன் என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாள், "அப்பா விழுந்துட்டார்க்கா, ஆபரேஷன் பண்ணினாங்க" என்றேன். "எங்க மாமியாரும் இப்படித்தான்" என்று தொடங்கியவர் காரிமங்கலம், காவேரிப்பட்டணம் எல்லாம் கடந்து கிருஷ்ணகிரியில் இறங்கும் வரை மாமியாரின் கதையையே சொன்னார். அப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. மனம் பொறுக்காமல் ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன்: ஐந்து நாட்களில் நான் அவரிடம் கேட்ட கேள்விகள் முப்பதுக்கு மேல், அவர் என்னைப் பற்றிக் கேட்டவை ஒன்றுகூட இல்லை.

பேருந்தை மாற்றிவிடுவது எளிது, ஆனால் இந்த உறவை இழக்க நான் விரும்பவில்லை. இப்படிப்பட்ட ஒருவரோடு பழகியவர்கள் என்ன செய்தீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள்.

தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

எங்கள் அறையில் இப்படி ஒரு நண்பன் இருந்தான். நான் கேள்வி கேட்பதை அடியோடு நிறுத்தினேன். அவன் எதைச் சொன்னாலும் "ம்ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். பத்தே நாளில் அவன் பேச்சு பாதியாகக் குறைந்தது. நீங்களும் அந்த முப்பது கேள்விகளை நிறுத்துங்கள், தானாகச் சரியாகிவிடும்.

இல்லத்தரசி, பாலக்கோடு

உங்கள் நிலையை நான் கொடுப்பினை என்றுதான் சொல்வேன். எங்கள் நாத்தனார் வீட்டுக்கு வந்தால் சம்பளம் எவ்வளவு, நகையை எப்போது மீட்டீர்கள், இரண்டாவது குழந்தை ஏன் இல்லை என்று வரிசையாகக் கேட்பார். அவரைச் சமாளிப்பது எப்படி என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் அம்மா வீட்டில் அடுத்தவர் வீட்டு விஷயத்தை நாமாகக் கேட்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் காது கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நானும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டேன்.

ஓய்வு பெற்ற மனநல ஆலோசகர், கிருஷ்ணகிரி

பாலக்கோட்டுச் சகோதரி எழுதியது வேறொரு சிக்கல் என்றாலும், அவருடைய கடைசி இரண்டு வரிகளைத் தருமபுரி ஆசிரியை மறுபடி படிக்க வேண்டும். கேள்வியே கேட்காதவர்கள் எல்லோரும் அக்கறை இல்லாதவர்கள் அல்லர். கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணி, நீங்களாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் தங்கள் கதையை விரித்துச் சொல்வதுகூட, "நான் சொல்லிவிட்டேன், இனி நீயும் சொல்" என்ற அழைப்பாக இருக்கக்கூடும். நீங்களோ கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்கிறீர்கள். இருவருமே காத்திருக்கும்போது வாய் திறந்தவர் மட்டுமே பேசிக்கொண்டிருப்பார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் 1970-களின் இறுதியில் அன்றாட உரையாடல்களை ஆராய்ந்து, ஒருவர் ஒன்றைச் சொன்னதும் அடுத்தவர் தரும் பதிலை இரண்டாகப் பிரித்தார். ஒன்று பேச்சைத் தன் பக்கம் திருப்பும் பதில், மற்றது சொன்னவரையே மேலும் சொல்லவிடும் பதில். "எங்க மாமியாரும் இப்படித்தான்" என்பது மேலுக்கு முதல் வகை. ஆனால் துக்க வீட்டிலும் மருத்துவமனை வராந்தாவிலும் நாம் ஆறுதல் சொல்லும் முறையே அதுதான். "எனக்கும் நடந்தது, நீ தனியாக இல்லை" என்பதற்கு நம்மிடம் வேறு வடிவம் குறைவு. ஆகவே நான் பார்ப்பது அந்த முதல் வாக்கியத்தை அல்ல, அந்தக் கதை முடிகிற இடத்தை. மாமியார் கதை முடிந்ததும் அவர் உங்கள் அப்பாவிடம் திரும்பி வருகிறாரா, அல்லது அங்கிருந்து மாமியாரின் நகை, கொழுந்தனின் நிலத் தகராறு என்று விலகிக்கொண்டே போகிறாரா? ஒரு முறையை வைத்து முடிவு செய்யாமல், பத்து முறையாவது கவனித்துவிட்டுச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஓசூர்த் தம்பி சொன்னதில் பாதி சரி. நீங்கள் கேட்கும் "அப்புறம்?", "அவர் என்ன சொன்னார்?" என்பவைதான் அந்தப் பேச்சுக்கு விறகு, அவற்றைக் குறைத்தால் நெருப்பு தணியும். ஆனால் வெறும் "ம்ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் உங்களைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. தனிமையில் வாடும் ஒருவராக இருந்தால், நீங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றியதும் இன்னும் கூடுதலாகப் பேசவும் செய்வார்.

நான் ஆலோசனைக்கு வந்தவர்களிடம் சொல்லி வந்தது இது. ஜாடையாகச் சொல்லாதீர்கள், "மனசே சரியில்லைக்கா" என்று சொல்லிவிட்டு ஏன் என்று கேட்பார் எனக் காத்திருப்பதுதான் அதிகம் தோற்கும் வழி. பேருந்து கிளம்பியவுடன், அவர் தொடங்கும் முன்னரே, எவ்வளவு நேரம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "அக்கா, காரிமங்கலம் வர்ற வரைக்கும் நான் சொல்றதைக் கேளுங்க, அப்பா விஷயமா உங்க யோசனை வேணும்." நடுவில் அவர் தன் கதைக்குப் போனால் கோபப்படாமல் ஒரே வாக்கியத்தில் மீட்டுக்கொள்ளுங்கள்: "மாமியார் விஷயத்தை அப்புறம் கேட்கிறேன்க்கா, இதை முடிச்சுடறேன்." அப்படிச் சொன்னால் பிறகு கட்டாயம் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அந்த வாக்கியம் செல்லாது. அவருக்குத் தெரிந்த ஒன்றைக் குறிப்பாகக் கேட்பதும் உதவும்; மாமியாரை எப்போது நடக்க வைத்தார்கள், வீட்டில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், பதில் சொல்வதற்காகவே அவர் உங்கள் அப்பாவின் நிலையைக் கேட்டாக வேண்டியிருக்கும்.

இதனால் அவருடைய இயல்பு மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீங்கள் பேச இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குமேல் அவர் என்ன செய்கிறார் என்பதிலிருந்துதான் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியும்.

மாங்கூழ்த் தொழிற்சாலை மேற்பார்வையாளர், காவேரிப்பட்டணம்

என் அப்பாவும் இப்படித்தான் இருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தன் மாந்தோப்பைப் பற்றியும் தான் பார்த்த பஞ்சத்தைப் பற்றியும் விடாமல் பேசுவார், வந்தவரை ஒரு வார்த்தை கேட்கமாட்டார். முதுமையில் வந்த அகந்தை என்று நாங்கள் பல வருடம் மனத்தாங்கலோடு இருந்தோம். அவருடைய 68 வயதில், வேறு காரணத்துக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றபோதுதான் இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரிந்தது. தான் பேசிக்கொண்டிருக்கும் வரை பிறர் பேசுவதைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. கேள்வி கேட்டால் பதில் வரும், அந்தப் பதில் காதில் விழாமல் போனால் அவமானம். அதனால் அவரையும் அறியாமல் பேச்சைத் தன் கையிலேயே வைத்திருந்தார்.

திரும்பிப் பார்த்தால் அறிகுறிகள் இருந்தன. கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வார், தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பார், திருமண மண்டபத்தில் மிக அதிகமாகப் பேசுவார். ஆனால் அமைதியான அறையில் எதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேசினால் ஓரளவு கவனிப்பார். கருவி வைத்த பிறகு சில மாதங்களில் என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். முழுதும் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன், மாந்தோப்புக் கதை இன்றும் உண்டு.

பேருந்தின் இரைச்சலில் பக்கத்தில் அமர்ந்து, முகம் பார்க்காமல் பேசுகிறீர்கள். ஒருமுறை அமைதியான இடத்தில் எதிரெதிரே அமர்ந்து சொல்லிப் பாருங்கள்.

ஆசிரியை, தருமபுரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

முதல் நாள் நான் சொன்ன விதமே தவறு. காவேரிப்பட்டணம் தாண்டிய பிறகு தயங்கித் தயங்கித் தொடங்கினேன். அவர் "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுச் சிமெண்ட் கணக்குக்குப் போய்விட்டார். மறுநாள் ஆலோசகர் ஐயா சொன்னபடி, இருக்கையில் அமர்ந்ததுமே காரிமங்கலம் வரை நேரம் கேட்டேன். ஒரு நொடி முகம் மாறியது, ஆனால் கேட்டார். இரண்டு முறை மாமியாரிடம் போனார், இரண்டு முறையும் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி மீட்டேன். இறங்கும் முன் வாக்களித்தபடி மாமியார் கதையையும் கேட்டேன்.

பிறகு மதிய இடைவேளையில், மாணவர்கள் இல்லாத வகுப்பறையில் எதிரே அமர்ந்து, அப்பா இப்போது கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார் என்று சொன்னேன். "இரவில் பாத்ரூம் போறதுக்கு யார் துணை?" என்று அவர் கேட்டார். இத்தனை நாளில் அவரிடமிருந்து எனக்கு வந்த முதல் கேள்வி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளே ஒரு பழைய கழிப்பறை நாற்காலியை ஆள் மூலம் எங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தார். மாமியாருக்காக வாங்கியதாம்.

இவ்வளவு நாள் ஏன் கேட்கவில்லை என்று நேராகவே கேட்டேன். "நீயா சொல்லுவேன்னு இருந்தேன்மா" என்றார். பாலக்கோட்டுச் சகோதரி சொன்னது நினைவுக்கு வந்தது, ஆனாலும் அந்தப் பதிலை முழுமையாக ஏற்க மனம் வரவில்லை. நான் சொன்ன நாளிலும்தானே அவர் கேட்கவில்லை? அடுத்த வாரம் பேருந்தில் மறுபடியும் சிமெண்டும் மகன் வேலையும்தான். இப்போது வாரத்தில் மூன்று நாள் அவரோடும், இரண்டு நாள் முந்தைய பேருந்திலும் செல்கிறேன். சீக்கிரம் சென்று விடைத்தாள் திருத்த வேண்டும் என்று உண்மையையே சொன்னேன்.

வகுப்பறையில் கேட்டவர் பேருந்தில் கேட்காததற்குக் காரணம் காதா, பழக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. காதைச் சோதிக்கச் சொன்னால் புண்படுவாரோ என்று தயங்குகிறேன்.

மாங்கூழ்த் தொழிற்சாலை மேற்பார்வையாளர், காவேரிப்பட்டணம்

அவருக்குக் காது கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். "பஸ்ல நான் பேசுறது உங்களுக்குச் சரியா விழுதாக்கா, இல்ல நான் மெதுவா பேசுறேனா?" என்று குறையை உங்கள் குரல் மேல் வைத்துக் கேளுங்கள். என் அப்பாவிடம் அப்படிக் கேட்டபோதுதான், மருத்துவர் சொன்னதற்குப் பிறகும் அதுவரை ஒப்புக்கொள்ளாதவர், இடது பக்கம் உட்காராதே என்று முதன்முதலாகச் சொன்னார். அவர் உங்களுக்கு எந்தப் பக்கம் இடம் பிடித்து வைக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.