விளம்பர வாசகத்தைத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றியபோது நடந்ததைச் சொல்லுங்கள்

சூலூர்க்காரன்:
ஒரு பம்ப்செட் கம்பெனியின் சுவர் விளம்பரம். ஆங்கிலத்தில் 'லெஸ் பவர், மோர் வாட்டர்'. 'குறைந்த மின்சாரம், அதிகத் தண்ணீர்' என்று எழுதினால் பொருள் சரிதான், ஆனால் அரசாங்க அறிவிப்பு மாதிரி விழுகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே விவசாயக் கரண்டு இலவசம். காங்கேயத்தில் ஒரு மோட்டார் கடையில் பெரியவர் ஒருவர் கேட்டார்: "கரண்டுக்கு யாருங்க காசு கட்டறாங்க? வோல்டேஜ் இறங்குனா காயில் புகையுதுங்க, அதுக்கு வழி சொல்லுங்க." அங்கேயே எழுதினேன்: 'வோல்டேஜ் இறங்கினாலும் தண்ணீர் ஏறும்.' ஆங்கிலத்தில் இருந்த முரண் அப்படியே நிற்கிறது, இறங்கு, ஏறு என்று மோனையும் வந்துவிட்டது. கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. மூலத்தில் வோல்டேஜே இல்லை என்றார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

ஈரோடு ஜவுளி:
மோனை விழுந்தால் பாதி வேலை முடிந்ததுங்க. எங்கள் வேட்டிக்கு 'கட்டினால் கம்பீரம்'. வெளிநாட்டுப் பெட்டிக்கு ஆங்கிலம் கேட்டார்கள். 'வேர் இட் வெல்' என்று போட்டோம். அங்கேயும் முதலெழுத்து ஓசை ஒன்றுகிறது. அது போதும்.

ரீவைண்டிங் கடை, அவிநாசி:
ஈரோட்டு அண்ணா, போதாதுங்க. 'வேர் இட் வெல்' கட்டுகிறவருக்குச் சொல்லும் புத்தி. கம்பீரம் என்பது எதிரே நிற்பவர் கண்ணில் தெரிவது. ஓசை வந்தது, பெருமை போய்விட்டது.

சூலூர் தம்பிக்கும் ஒன்று. கம்பெனி மறுத்ததில் நியாயம் உண்டு. 415 வோல்ட்டுக்குச் சுற்றிய மோட்டாருக்கு 300 வந்தால் இழுக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பம்பின் பாரம் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் ஆம்பியர் ஏறும், வைண்டிங் சூடாகும். எங்கள் கடைக்கு வருகிற எரிந்த காயில்களில் பல அப்படி வந்தவைதான். மூலம் தராத உத்தரவாதத்தை உங்கள் வாசகம் தருகிறது. முதலில் பெயர்ப்பலகையில் எந்த வோல்டேஜ் வரை போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு குறைந்த வோல்டேஜில் ஓட்டிப் பார்த்த சோதனைத் தாளைக் கேளுங்கள். அகன்ற வோல்டேஜுக்கென்றே சுற்றிய மோட்டார் என்றால் தைரியமாக எழுதலாம்.

பொள்ளாச்சி தோப்பு:
அது எந்தக் கம்பெனி மோட்டாருங்க? எங்கள் தோப்பில் ராத்திரி வோல்டேஜ் நிற்பதே இல்லை, ஸ்டார்ட்டர் தட்டிவிட்டுப் போகிறது.

சூலூர்க்காரன்:
பேர் வேண்டாம் அண்ணா. அவிநாசி அண்ணா, பெயர்ப்பலகையில் 300 முதல் என்றுதான் இருந்தது. ஆனாலும் 300-இல் தண்ணீர் குறைவாகத்தான் வரும். 'ஏறும்' என்ற சொல் எவ்வளவு என்று சொல்லவில்லை. சுவரில் படிக்கும் விவசாயி அதை முழு அளவு என்று எடுத்துக்கொள்வாரா? வயலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.