புதுப்பிப்பு: மீத்தேன் என்தால்பி கணக்கு, தீர்ந்தது

கேள்வி: மகளின் பிளஸ் ஒன் பயிற்சித்தாளில் C + 2H₂ → CH₄ கணக்குக்கு +13.2 கிலோஜூல் வருகிறது. விடை −74.8. எங்கே தப்பு?

எல்லோருக்கும் நன்றி, விடை வந்துவிட்டது. மீத்தேன் எரியும் சமன்பாட்டைத் திருப்பிக் குறியை மாற்றச் சொன்ன தம்பி சொன்னது சரிதான், ஆனால் மகள் அதை முன்பே செய்திருந்தாள். பிணைப்பு ஆற்றல் கேட்ட அக்கா, இது அந்தக் கணக்கு இல்லை.

ஏற்காட்டு ஆசிரியர் அண்ணா "தண்ணி எந்த நிலையில இருக்குன்னு பாருங்க" என்றதுதான் பலித்தது. ஹைட்ரஜன் எரியும் வரியில் H₂O(g), −241.8. மீத்தேன் வரியில் H₂O(l), −890.3. கூட்டும்போது இரண்டும் அடிபடாது, மகள் அடித்துவிட்டாள். நீராவி திரவமாகும்போது மோலுக்கு 44 கிலோஜூல் வெளியேறும், இரண்டு மோலுக்கு 88. 13.2 − 88 = −74.8.

நான் எதிர்பாராதது, அந்த 44 தாளிலேயே இல்லை. (g) அச்சுப்பிழையா, தெரிந்தே வைத்ததா? திங்கட்கிழமை சேலத்தில் மகளின் டீச்சரைக் கேட்க வேண்டும்.