கிறவல் குளக்கட்டின் அடிக்கு முக்கால் சல்லி போதுமா?

பட்டிப்பளையான் எழுதியது:
"கட்டு மண்ணின் D85, அதாவது நூற்றுக்கு 85 பங்கு இறங்கும் சல்லடை அளவு, ஏழு மி.மீ. ஐந்தால் பெருக்கினால் 35. முக்கால் சல்லியின் D15, அதாவது 15 பங்கு இறங்கும் அளவு, பன்னிரண்டுதான். கணக்குப் பாஸ். இடையில் மணல் படை போடச் சொல்கிறவர்கள் மணல் வியாபாரிகள்."

சல்லடைக்காரன்:
இதைப் படித்ததும் சோறு இறங்கவில்லை. அந்தக் கட்டின் அடியில் மார்கழியில் நின்றவன் நான். குளம் ஏற ஏற சல்லிக்குள்ளால் வந்த தண்ணீர் தேத்தண்ணி நிறம். ஜாம் போத்தலில் பிடித்துக் கட்டில் வைத்தேன். கால் மணித்தியாலத்தில் அடியில் ஒரு நகத் தடிப்பு மண். சல்லி முடியும் இடத்தில் விசிறி மாதிரி நுண்மண் படிந்து கிடந்தது. கணக்குப் பாஸ், கட்டு பெயில்.

பட்டிப்பளையான்:
போத்தலை விடுங்கள். மண் பொறியியலாளர் தெர்சாகி சொன்னது: வடிகட்டுகிற சல்லியின் D15, கட்டு மண்ணின் D85இன் ஐந்து மடங்குக்குள் நின்றால் போதும். ஏழை ஐந்தால் பெருக்கினால் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்:
ஐந்து இல்லை அண்ணன், நான்கு. எங்கள் விரிவுரையாளர் நான்கு என்றுதான் எழுதித் தந்தவர்.

பட்டிப்பளையான்:
நான்கு என்றாலும் 28 வருகிறது தம்பி. பன்னிரண்டு எங்கே, 28 எங்கே?

சல்லடைக்காரன்:
இரண்டு பேரும் பெருக்கலில் நிற்கிறீர்கள். பெருக்குகிற எண்ணே பிழை. நாலா ஐந்தா என்பது இங்கே விஷயமே இல்லை.

அந்த ஆய்வுகூடத் தாள் என்னிடமும் இருக்கிறது. இந்தக் கிறவலில் நூற்றுக்கு 78 பங்குதான் 4.75 மி.மீ. சல்லடையால் இறங்குகிறது. மிச்சம் 22 பங்கு சிவப்புக் கூழாங்கல். ஏழு மி.மீ. வந்தது அந்தக் கல்லால். கல் ஓடுவதில்லை, ஓடுவது கல்லுக்கு இடையில் இருக்கிற பொடி. உரலுக்குள் நெல்லையும் தேங்காயையும் போட்டு, நெல் சிந்துமா என்று தேங்காயை அளந்து பார்க்கிற கதை இது.

ஆகவே 4.75க்கு மேலுள்ள கல்லைக் கழித்துவிட்டு, இறங்கிய 78ஐ நூறாக்கி எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும். 2 மி.மீ.யில் 67 இறங்கியது, அது 86 ஆகிறது. இப்போது D85 சுமார் இரண்டு மி.மீ. 0.075 சல்லடையில் 35 இறங்கியது, அது 45 ஆகிறது. இதைத்தான் பார்க்க வேண்டும். பொடி நாற்பதைத் தாண்டி 85க்குள் நின்றால் நான்கு மடங்கும் இல்லை, ஐந்து மடங்கும் இல்லை. 1980களில் பொறியியலாளர்கள் ஷெராட்டும் டன்னிகனும் ஆய்வுகூடத்தில் மண்ணில் துளை போட்டு, அழுத்தமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்துத்தான் சொன்னார்கள்: இந்த இன மண்ணுக்கு வடிகட்டியின் D15 0.7 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. உங்கள் சல்லி பன்னிரண்டு. பதினேழு மடங்கு பெரிசு.

பட்டிப்பளையான்:
இப்போது தெர்சாகி பிழை, நீங்கள் சரி. நல்லது. கல்லைக் கழித்தால் கட்டு கிறவல் கட்டாக இருக்குமா? நான்கு வருடத்துக்கு முன்பு என் கொங்கிறீட் விகிதத்தைக் கேலி பண்ணினபோதும் இப்படித்தான் ஒரு புதுக் கணக்கைக் கொண்டுவந்தீர்கள்.

ஆற்றுமணல்:
ஆனால் ஐந்தா நான்கா என்று யாரும் முடிவாகச் சொல்லவில்லையே?

கல்லடி_மாமா:
மறுகா நானும் ஒன்று கேட்கிறேன். கல்லடியில் குழாய்க்கிணறு அடித்தேன், மோட்டரில் மணல் வருகிறது. எனக்கு 0.7 சல்லி எங்கே எடுக்கலாம்?

சல்லடைக்காரன்:
மாமா, உங்கள் கிணற்று மணல் ஒரே அளவான கரைமணல், இந்தக் கிறவல் கணக்கை அதில் போடாதீர்கள். வேறு திரி தொடங்குங்கள், வருகிறேன்.

பட்டிப்பளையானுக்கு: கொங்கிறீட்டில் அன்றைக்கும் நான் பிழை சொல்லவில்லை. தெர்சாகியும் பிழை இல்லை. கல் குறைந்த மணலுக்கு அவருடைய விதி இன்றைக்கும் ஓடும். கல்லோடு பொடி கலந்த மண்ணில், கல்லையும் சேர்த்து எடுத்த D85இல் அதைப் போட்டது நீங்கள்.

வாவிக்கரை:
இவ்வளவு சண்டை எதற்கு? ஜியோ துணி ஒரு சுருள் வாங்கி விரித்தால் முடிந்தது. நாங்கள் வீதி வேலையில் அதைத்தானே போடுகிறோம்.

சல்லடைக்காரன்:
தங்கச்சி, வீதியில் துணி அடைத்தால் தோண்டிப் பார்க்கலாம். கட்டின் அடிக்குள், குளம் நிரம்பி நிற்கும்போது பொடி ஏறி அடைத்தால் யார் தோண்டுவது? அதற்கு மேலே நீர் அழுத்தம் ஏறி, வேறு இடத்தால் கசியும்.

வாவிக்கரை:
அடைக்கும் என்று நீங்கள் கண்டீர்களா? மணலும் அடைக்காதா?

சல்லடைக்காரன்:
அடைக்கும், அழுக்கு மணல் என்றால். அதனால்தான் மணலுக்குக் கீழ் எல்லையும் இருக்கிறது: D15 0.1 மி.மீ.க்குக் குறையக்கூடாது, பொடி ஐந்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஈரமணலைக் கையில் பிடித்து விட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் அது பொடி கூடிய மணல், கட்டில் வெடிப்பு வந்தால் தானும் சேர்ந்து வெடித்து நிற்கும், சரிந்து மூடாது.

நம் பக்கம் கழுவின ஆற்றுமணல் D15 0.35 அளவில் வரும். அது 0.1க்கும் 0.7க்கும் நடுவில் ஜம்மென்று உட்காருகிறது. ஆனால் அதன் மேலே நேராக முக்கால் சல்லி கொட்டினால் அடுத்த பிழை. அந்த மணலின் D85 இரண்டு மி.மீ. நான்கால் பெருக்கினால் 8. சல்லியின் D15 பன்னிரண்டு, மணலே சல்லிக்குள் ஓடிவிடும். நடுவில் ஒரு படை சிப்ஸ் கல் போடுங்கள், D15 ஐந்து. அதன் D85 ஒன்பது, நான்கால் 36. அதற்கு மேலே முக்கால் சல்லி தாராளமாகப் போகலாம். மணல், சிப்ஸ், சல்லி. மூன்று படைதான்.

ஆற்றுமணல்:
பார்த்தீர்களா, இங்கே நான்கால்தான் பெருக்கினார்! நான் சொன்னது நான்கு.

பட்டிப்பளையான்:
ஐந்தால் பெருக்கினால் பத்து. பன்னிரண்டும் பத்தும் பெரிய வித்தியாசமா? சல்லடையைக் கொஞ்சம் தட்டினால் சரியாகிவிடும்.

சல்லடைக்காரன்:
சல்லடையைத் தட்டிக் கணக்கைச் சரிபண்ணுகிற ஆளிடம் குளம் கொடுக்கக் கூடாது. 1986இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்ததை மறந்தீர்களா?

பட்டிப்பளையான்:
கந்தளாய்க் கட்டு என் சல்லியாலா போனது? வீணாகப் பயம் காட்டாதீர்கள். அங்கே கட்டுக்கு மேலால் கனரக வாகனம் ஓடியதையும் பேசினார்கள்.

வாவிக்கரை:
அதுவும் உண்மைதான்.

சல்லடைக்காரன்:
கந்தளாய்க்கு உங்கள் சல்லி காரணம் என்று நான் எங்கே எழுதினேன்? கட்டு மண் உள்ளுக்குள்ளால் ஓடினால் மேலே தெரியாது என்றுதான் சொன்னேன். சரி, எழுதவில்லை, நினைத்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

இன்னொன்று. போத்தலில் மேல்தண்ணீர் மூன்று நாள் கழித்தும் தெளியவில்லை. இது கரைந்து பரவுகிற களியாக இருந்தால் 0.7உம் அதிகம், 0.5க்கு இறங்க வேண்டும். மண்கட்டியைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டுப் புகை மாதிரி பரவுகிறதா என்று யாரும் பார்த்தார்களா?

பட்டிப்பளையான்:
பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, சல்லி ஏற்கெனவே போட்டாயிற்று. இரண்டு டிப்பர்.

கல்லடி_மாமா:
மகன், வேறு திரி எங்கே தொடங்குவது? இந்தப் பட்டன் வேலை செய்யவில்லை.

சல்லடைக்காரன்:
அந்த இரண்டு டிப்பரின் பட்டுவாடாச் சீட்டைப் போடுங்கள் பார்ப்போம். முக்கால் சல்லி என்று வாங்கினது ஒன்றரை இஞ்சியாகவும் இருக்கலாம்.

பட்டிப்பளையான்:
ஏன் போட வேண்டும்? நீங்கள் ஏழை ஐந்தால் பெருக்கிச் சொல்லுங்கள், பிறகு போடுகிறேன்.

ஆற்றுமணல்:
நான்கால்.