மாடித் தோட்டக் குடும்பக் குழு: எலுமிச்சை இலையில் வெள்ளிக் கோடுகள்

நான்: அனைவருக்கும் வணக்கம். பெரிய தொட்டியில் இருக்கும் எலுமிச்சையின் புதுத் துளிர்கள் முழுவதும் சுருண்டு, நத்தை ஊர்ந்ததுபோல் வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடுகின்றன. வேப்பெண்ணெய்க் கரைசலை மூன்று முறை தெளித்தும் குறையவில்லை.

தஞ்சாவூர் மாமா: எங்கள் செடியிலும் இதே தொல்லைதான். பறவை எச்சம்போல் இருந்த புழுக்களைக் கையால் பொறுக்கி எடுத்ததும் சரியாகிவிட்டது.

பெரியப்பா: மாப்பிள்ளை, நீங்கள் கண்டது வண்ணத்துப்பூச்சியின் புழு, அது இலையைக் கடித்துத் தின்னும். இது இலைத்துளைப்பான், ஒரு சிறு அந்துப்பூச்சியின் புழு. அம்மா, சுருண்ட இலை ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்து, கோடு முடியும் இடத்தைப் பார்.

நான்: பார்த்தேன், பெரியப்பா. கோட்டின் நடுவே மெல்லிய கருப்பு இழை ஓடுகிறது. அதன் நுனியில் வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு புழு நெளிகிறது.

பெரியப்பா: அந்தக் கருப்பு இழை அதன் எச்சம். புழு இலைத்தோலுக்கு அடியில் இருப்பதால் மேலே தெளித்த எண்ணெய் அதை எட்டாது. சமீபத்தில் கிளை வெட்டி உரம் போட்டாயா?

நான்: ஆமாம், மூன்று வாரத்திற்கு முன் கவாத்து செய்து, கடலைப் புண்ணாக்குக் கரைசலும் ஊற்றினேன்.

பெரியப்பா: அதனால்தான் ஒரே நேரத்தில் இத்தனை துளிர்கள் வந்தன. அந்தச் சிறு அந்துப்பூச்சி இளந்துளிரில்தான் முட்டையிடும். முற்றிய இலையை அது நாடுவதில்லை.

சித்தி: அப்படியானால் சுருண்ட இலைகளையெல்லாம் இன்றே கிள்ளி எறிந்துவிடு.

பெரியப்பா: புழு உள்ளே இருக்கும் இலைகளைக் கிள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் புழு வெளியேறிய பிறகும் பச்சையாக இருக்கும் இலை செடிக்கு உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும். அனைத்தையும் பறித்தால் மறுபடியும் துளிர் வெடித்து, பூச்சிக்கு நாமே விருந்து வைத்ததாகிவிடும். ஓரம் மடிந்த இலைகளில் கூட்டுப்புழு இருக்கும். அந்த மடிப்பை விரலால் நசுக்கினால் போதும்.

நான்: வேப்பெண்ணெயை இனி விட்டுவிடலாமா?

பெரியப்பா: விட வேண்டாம், தெளிக்கும் நேரத்தை மாற்று. அடுத்த துளிர் விரல்நகம் அளவு வந்ததும், ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி எண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் நன்றாகக் கலந்து, மாலையில் இலையின் இருபுறமும் நனையத் தெளி. இலை முற்றும்வரை வாரம் ஒருமுறை தொடரு. அது பூச்சி முட்டையிடுவதைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது.

சித்தி: மருந்துக்கடையில் வேருக்கு ஊற்றும் மருந்து தருகிறார்களே?

பெரியப்பா: காய் பறித்துச் சமைக்கும் தொட்டிச் செடிக்கு அதை நான் ஊற்றமாட்டேன், பூவுக்கு வரும் தேனீக்கும் அது ஆகாது.

நான்: இரண்டு இலைகளில், கோட்டை ஒட்டி மஞ்சள் வளையத்துடன் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன.

பெரியப்பா: அது சொறிநோயாக இருக்கலாம், புழு கிழித்த தோல் வழியாக அது எளிதில் நுழையும். நாளைக் காலை வெளிச்சத்தில் இலையின் அடிப்புறத்தையும் படமெடுத்து அனுப்பு. அதுவரை செடியின்மேல் நீர் தெளிக்காமல் வேரில் மட்டும் ஊற்று.