செய்தி ஆசிரியருக்கு எழுதிய கடிதம்: எங்கே தவறுகிறேன்?

இதழியல் இரண்டாம் ஆண்டு மாணவி நான். ஒரு நாளிதழின் சிறப்புக் கட்டுரைப் பிரிவுக்குக் கட்டுரை யோசனை ஒன்றை அனுப்பி 3 வாரங்கள் ஆகின்றன. பதிலே இல்லை.

முதல் கடிதம் 2 பக்கம். பாதி என்னைப் பற்றியே இருந்தது. பத்து நாள் கழித்து அதை 150 சொற்களாகச் சுருக்கி, பொருள் வரியில் 'கட்டுரை யோசனை' என்று குறிப்பிட்டு மறுபடி அனுப்பினேன். அதற்கும் மௌனம்தான். வேறு இதழுக்கு இன்னும் அனுப்பவில்லை.

யோசனையின் சாரம் இதுதான்: "பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம் இருக்கிறது, ஆனால் ஏற முடிவதில்லை. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது பரவலான அளவுகோல். நான் அளந்த ஒரு நூலகத்தில் ஒன்றரை அடி உயரத்துக்கு 6 அடிதான் நீளம். 18 அடி இருந்திருக்க வேண்டும்."

அந்தச் சாய்தளத்தில் தன் நாற்காலியைத் தானே உருட்டி ஏற முயன்ற வாசகர் பாதியிலேயே பின்னோக்கிச் சரிந்தார். அவர் பேசச் சம்மதித்திருக்கிறார். கடிதத்தில் அது கடைசி வரியாகக் கிடக்கிறது. நூலக நிர்வாகத்திடம் இன்னும் விளக்கம் கேட்கவில்லை.

செய்தி மேசையில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்: நிர்வாகத்தின் பதிலையும் வாங்கிச் சேர்த்த பிறகுதான் மீண்டும் அனுப்ப வேண்டுமா?