மின்விசிறி இரைச்சலை எடுத்தால் பாட்டியின் குரல் குடத்துக்குள் கேட்கிறது

தறிவீட்டுப்பேத்தி: பல ஆண்டுகள் தறியில் உட்கார்ந்த என் பாட்டியுடன் பேசியதை 40 நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்தேன். மேலே மின்விசிறி ஓடியது. Audacity-யில் Noise Reduction-ஐ 24 dB வைத்து இரண்டு முறை ஓட்டினேன். இரைச்சல் போய்விட்டது, ஆனால் பாட்டி குடத்துக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது, சொற்களின் ஓரத்தில் கிணுகிணுவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. கைப்பேசி என் பக்கம் இருந்ததால் என் கேள்விகள் காதைத் துளைக்கின்றன. பாட்டி அடிக்கடி சொல்லும் "வந்து"வையும் நீக்க வேண்டும்.

கரிசல்காற்று: முதலில் Compressor போடுங்கள். இரு குரலும் சமமாகிவிடும், பிறகு இரைச்சலை எடுக்கலாம்.

ஒலிமேசை: குரல்களைச் சமமாக்க Compressor உதவும் என்பது சரிதான், ஆனால் முதலில் வேண்டாம். அது சத்தமான இடங்களை அமுக்கும். பிறகு மொத்த ஒலியையும் கூட்டும்போது பேச்சின் இடைவெளியில் மின்விசிறி மேலே வரும். நீங்கள் எடுக்கும் இரைச்சல் மாதிரியும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

தொடாத மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இருவரும் பேசாத ஓரிரு விநாடியைத் தேர்ந்து Get Noise Profile அழுத்துங்கள். மூச்சுச் சத்தம்கூட அதில் இருக்கக் கூடாது. பிறகு முழுவதையும் தேர்ந்து, Noise Reduction-இல் இரைச்சலை 10 dB மட்டும் குறையுங்கள். அங்கேயே Residue என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்து Preview கேளுங்கள். தூக்கி எறியப்படுவது மட்டும் கேட்கும். அதில் பாட்டியின் "ச", "ஸ" ஒலிகள் கேட்டால் குரலையே அரிக்கிறீர்கள், Sensitivity-ஐக் குறையுங்கள். OK அழுத்தும் முன் Residue-இலிருந்து Reduce-க்கு மாற்றிவிடுங்கள். கொஞ்சம் மின்விசிறி மிஞ்சட்டும்.

அதன்பின் உங்கள் கேள்விகளை மட்டும் வெட்டிப் பிரித்து 6 முதல் 8 dB இறக்குங்கள். கடைசியில்தான் மொத்த ஒலி அளவு.

மேட்டுத்தெரு: எனக்கு பஸ் ஹாரன் விழுந்த பதிவு ஒன்று இருக்கிறது. இதே முறையில் போகுமா?

ஒலிமேசை: போகாது. ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் இது. ஹாரன் பேச்சின் மேல் விழுந்திருந்தால், அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்வதே நல்லது.

தறிவீட்டுப்பேத்தி: 10 dB-யில் குரல் திரும்பி வந்துவிட்டது! ஆனால் 22-ஆம் நிமிடத்துக்குப் பிறகு இரைச்சல் கூடுகிறது. அங்கே விசிறியின் வேகத்தைக் கூட்டியது நினைவுக்கு வருகிறது. "வந்து"வை வெட்டிய இடங்களிலும் டக்கென்று ஒலிக்கிறது.

ஒலிமேசை: 22-க்குப் பின் வரும் பகுதிக்குத் தனியாக மாதிரி எடுங்கள். டக்கென்ற ஒலி வெட்டின் ஓரத்தில் வருவது; வெட்டும் பகுதியைத் தேர்ந்து Z அழுத்தினால் அதன் ஓரங்கள் ஒலி அலை சுழியைக் கடக்கும் இடத்துக்கு நகரும், அதன்பின் வெட்டுங்கள். சில இடத்தில் அதுவும் போதாது, ஒரு ஓரம் மெல்லத் தேய மற்றது மெல்ல எழும் இணைப்புத் தேவைப்படும். இடைவெளி வேண்டுமானால் வெறும் அமைதியை வைக்காமல், அதே அறையின் விசிறி ஒலியை நகலெடுத்து ஒட்டுங்கள்.

கரிசல்காற்று: "வந்து" எல்லாவற்றையும் வெட்டாதீர்கள். "சந்தைக்கு வந்து" என்றால் அது வினை.

தறிவீட்டுப்பேத்தி: ஆமாம், ஒன்றை அப்படியே வெட்டிவிட்டேன். பாவு கட்டுவதைச் சொல்லும் இடத்தில் அவர் "வந்து..." என்று நிறுத்தி யோசிக்கிறார். அதை வைப்பதா, எடுப்பதா?

ஒலிமேசை: நான் வைப்பேன். என்னுடன் வேலை செய்பவர் எடுத்துவிடுவார்.